எண்ட் பிளேட் போல்ட்: கணக்கில் 74 சதவீதம், எனக்கு வருவது 128

துணைத்தகடு | 3 ஜூன், இரவு 9.50

செக்கிங்குக்கு வந்த கணக்கு ஒன்று. ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கு, உள்ளே மெசனைன் தளம். ஐஎஸ்எம்பி 450 பீம், முனையில் வெல்ட் செய்த எக்ஸ்டெண்டட் எண்ட் பிளேட் வைத்துத் தூணில், அதாவது காலத்தில், சேர்கிறது. ஃபேக்டர் போட்ட மொமெண்ட் 180 கிலோ நியூட்டன் மீட்டர். மேல் ஃபிளாஞ்சுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி, ஆக நாலு போல்ட் இழுவிசையில். 20 மிமீ, 8.8 கிரேட், டார்க் போட்டு இறுக்குவது. பிளேட் 180 அகலம், 16 தடிமன், ஈ 250 ஸ்டீல்.

அனுப்பியவர் கணக்கு ஐந்தே வரி. மொமெண்ட்டை இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவிலுள்ள தூரத்தால் வகுத்தால் 416 கிலோ நியூட்டன். நாலால் வகுத்தால் போல்ட்டுக்கு 104. போல்ட் தாங்குவது 141. 74 சதவீதம், ஓகே. பிளேட்டுக்கு ஒரே வரி: "16 மிமீ, வழக்கப்படி".

பிளேட் வளைந்து விளிம்பு ஊன்றுவதால் போல்ட்டில் ஏறும் கூடுதல் இழுப்புதான் பிரையிங். அதைச் சேர்த்து நான் போட்டால் அதே போல்ட்டில் 181 வருகிறது. அதாவது 128 சதவீதம். போல்ட் பத்தவில்லை என்று எழுதி அனுப்பினால் 24 மிமீ போல்ட்டோடு திரும்பி வரும், பிளேட் அதே 16-ல் இருக்கும். இது போல்ட் சங்கதியே இல்லை, பிளேட் சங்கதி என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

டார்க்ரெஞ்ச் | 3 ஜூன், இரவு 10.22

நான் மாற்றுக் கட்சி. இருபது மிமீ 8.8 போல்ட்டை சைட்டில் 137 கிலோ நியூட்டனுக்கு இறுக்குகிறோம். வருவது 104. இறுக்கிய விசையைத் தாண்டாத வரை இரண்டு பிளேட்டும் பிரியவே பிரியாது. பிரியாத இடத்தில் பிரையிங் எங்கிருந்து வரும்? பேப்பரில் மட்டும்தான் வரும்.

துணைத்தகடு | 3 ஜூன், இரவு 10.58

பாதி சரி. தளத்தில் அன்றாடம் வரும் லோடுக்கு, ஃபேக்டர் எடுத்துவிட்டால் போல்ட்டுக்கு 70-க்குள்தான் வரும். ஒழுங்காக இறுக்கியிருந்தால் அந்த நிலையில் போல்ட்டின் விசை பெரிதாக ஏறாது. அதுவரை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இறுக்கிய விசை பிளேட் முழுக்கப் பரவி நிற்பதில்லை. போல்ட்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள்தான் பிடிக்கிறது. ஃபிளாஞ்ச் இழுக்கும் இடமோ அங்கிருந்து 50 மிமீ தள்ளி. நடுவில் இருக்கும் பிளேட் மெலிதானால் அது வளைகிறது, வளைந்ததும் வெளி விளிம்பு எதிரே இருக்கும் காலம் ஃபிளாஞ்சில் ஊன்றுகிறது. கடப்பாரையால் ஆணி பிடுங்குவது போலத்தான்: ஊன்றும் இடத்தில் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவும் போல்ட்டின் தலையில் கூடுதல் இழுப்பாக விழும். நாம் டிசைன் செய்வது கடைசி நிலைக்கு. அங்கே இறுக்கிய விசை கரைந்துபோயிருக்கும், ஊன்றும் விசை நிற்கும்.

இந்திய ஸ்டீல் கோடான ஐஎஸ் 800-ல் 10.4.7-ல் இருப்பது இது, Q என்பது பிரையிங் விசை:

```
Q  = (lv / (2*le)) * (Te - β*η*fo*be*t^4 / (27*le*lv^2))
le = min(விளிம்பு தூரம், 1.1*t*sqrt(β*fo/fy))
```

நம்ம கேஸில் போல்ட் நடு, ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து 50. வெல்ட் 8 மிமீ ஃபில்லட். lv என்பது போல்ட் நடுவிலிருந்து வெல்ட் ஓரம் வரை, ஆக 42. விளிம்பு தூரம் 40. Te அந்த 104, t பிளேட் தடிமன், fy பிளேட்டின் யீல்டு, fo போல்ட்டின் ப்ரூஃப் ஸ்ட்ரெஸ் 560, η 1.5, be பிளேட் அகலம் 180, இறுக்கிய போல்ட் என்பதால் β 1. தடிமன் 16-க்கு le 26 தான் வருகிறது. கழிக்கும் பகுதி வெறும் 8 கிலோ நியூட்டன். 104-ல் 8 போனால் 96, அதில் எண்பது சதவீதம் Q. கிட்டத்தட்ட 77. கூட்டினால் 181.

அந்த t^4-ஐப் பாருங்கள். வேறு எதுவும் மாற்றாமல் தடிமனை மட்டும் ஏற்றினால் போல்ட்டில் வருவது 20-க்கு 160, 25-க்கு 142, 28-க்கு 133, 32-க்கு 115.

அஸ்திவாரம் | 4 ஜூன், காலை 7.15

எங்க பேஸ் பிளேட்டிலும் இதே தொல்லை. 25 மிமீ பிளேட், நாலு ஆங்கர் போல்ட், கீழே கிரவுட். கன்சல்டன்ட் பிரையிங் பார்க்கவே இல்லை. இந்த ஃபார்முலாவைப் போட்டால் போல்ட் மாற்ற வேண்டி வருமே, ஏற்கெனவே கான்கிரீட் போட்டாச்சு. என்ன செய்ய?

சிங்கைக்காரன் | 4 ஜூன், காலை 8.40

அஸ்திவாரம், உங்கள் கேஸ் வேறு. ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் நெடுநீளம் போகிறது. நீளமான போல்ட் நன்றாக இழுபடும். போல்ட் நீண்டால் பிளேட் மொத்தமாக எழும்பும், விளிம்பு கீழே ஊன்றாது. நாங்கள் பின்பற்றும் ஐரோப்பிய கோடான யூரோகோடிலேயே போல்ட் இழுபடும் நீளம் ஓர் அளவைத் தாண்டினால் பிரையிங் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த ஃபார்முலாவை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். கன்சல்டன்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

துணைத்தகடு, உங்கள் கணக்கை எங்கள் வழியில் போட்டுப் பார்க்கிறேன். மாலையில் எழுதுகிறேன்.

டார்க்ரெஞ்ச் | 4 ஜூன், மதியம் 1.05

சரி, ஃபார்முலாவுக்கே வருகிறேன். இறுக்காத போல்ட்டுக்கு β 2 என்று இருக்கிறதே. 25 மிமீ பிளேட்டுக்கு 2 போட்டேன். போல்ட்டில் 126 வருகிறது. 1 போட்டால் 142, ஃபெயில். ஆக, கையால் இறுக்கி விட்டால் பாஸ், டார்க் போட்டு இறுக்கினால் ஃபெயில்! இதை என் எரெக்ஷன் பையன்களிடம் சொன்னால் ரெஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

துணைத்தகடு | 4 ஜூன், மதியம் 1.40

கணக்கு சரிதான். காரணம், மேலே சிங்கைக்காரன் ஆங்கர் போல்ட்டுக்குச் சொன்னதேதான். இறுக்காத போல்ட் பூஜ்யத்திலிருந்து இழுபட ஆரம்பிக்கிறது, நிறைய நீளும், விளிம்பு ஊன்றுவது குறையும். இறுக்கிய போல்ட் அந்த நீட்சியில் பெரும்பங்கை ஏற்கெனவே செலவு செய்துவிட்டது.

அதற்காக மொமெண்ட் ஜாயிண்ட்டில் போல்ட்டை லூசாக விட முடியாது. சின்ன லோடிலேயே பிளேட் வாய் பிளக்கும், பீம் முனை திரும்பும், நீங்கள் ரிஜிட் என்று போட்ட அனாலிசிஸ் பொய்யாகிவிடும். இறுக்கம் தேவை விறைப்புக்கு. இறுக்கினால் பிரையிங் குறையும் என்று மட்டும் நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சிங்கைக்காரன் | 4 ஜூன், மாலை 6.55

போட்டுவிட்டேன். எங்கள் முறையில் Q என்று தனியாக எதுவும் எழுத மாட்டோம். பிளேட்டை ஒரு டி-ஸ்டப்பாக எடுத்துக்கொண்டு அது எப்படியெல்லாம் தோற்கும் என்று மூன்று வழி பார்ப்போம். ஒன்று, பிளேட் மட்டும் முழுக்க வளைந்து தோற்பது. இரண்டு, பிளேட் வெல்ட் ஓரத்தில் வளைய, விளிம்பு ஊன்ற, போல்ட் அறுவது. மூன்று, பிளேட் அசையாமல் நிற்க, போல்ட் மட்டும் அறுவது. மூன்றில் எது குறைவோ அதுதான் அந்த வரிசையின் பலம். போல்ட் பலம் எங்களுக்கும் அதே 141 தான் வரும், அதில் சண்டை இல்லை.

மேல் வரிசைக்கு, இரண்டு போல்ட்டுக்கும் சேர்த்து, உங்கள் கணக்கில் 208 வேண்டும். 16 மிமீ பிளேட்டில் முதல் வழியிலேயே 125-ல் விழுகிறது. அதாவது பிரையிங் போல்ட்டை அறுக்கும் அளவு வளர்வதற்கு முன்னாடியே பிளேட் படுத்துவிட்டது. 16-க்கு நீங்கள் சொன்ன 181 உண்மையில் வராது. அந்த அளவு விளிம்பை ஊன்ற வைக்க அந்தப் பிளேட்டுக்குத் தெம்பு கிடையாது.

25 மிமீ போட்டால் இரண்டாம் வழி 212 தருகிறது. 208-க்கு 212, பாஸ். உங்கள் கோடில் 142-க்கு 141, ஃபெயில். ஒரு முறையில் ரெண்டு சதவீதம் மேலே, மறு முறையில் ஒரு சதவீதம் கீழே. வேறு வேறு பாதையில் வந்து இவ்வளவு கிட்டத்தில் நிற்பது எனக்கே ஆச்சரியம்.

துணைத்தகடு | 4 ஜூன், இரவு 9.20

நல்ல விஷயம் சொன்னீர்கள். ஐஎஸ் ஃபார்முலா பிளேட் மீள்தன்மையோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு Q சொல்கிறது. பிளேட் தாங்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பிரையிங் சேர்க்காத 104-ஐ lv-யால் பெருக்கி, Q-வை le-யால் பெருக்கிக் கழித்தால் வெல்ட் ஓரத்தில் பிளேட்டுக்கு வரும் மொமெண்ட். ஒரு வரிசைக்கு 16 மிமீயில் 4700 கிலோ நியூட்டன் மிமீ வருகிறது, பிளேட் முழு பிளாஸ்டிக்கில் தாங்குவது 2600.

ஆகவே 181 என்ற எண்ணை நிஜமான விசையாகப் படிக்காதீர்கள். "இந்தப் பிளேட் ஆகாது" என்று ஃபார்முலா சொல்கிறது என்று படியுங்கள். என் செக்கிங் குறிப்பிலும் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

கோடுபோடுறவன் | 4 ஜூன், இரவு 10.10

டிராயிங் போடுகிற ஆள். எனக்குப் புரிந்தது: 24 மிமீ போல்ட், 20 பிளேட். முடிந்தது கதை. துணைத்தகடு சொல்லும் 160, 24 மிமீ போல்ட்டின் 203-க்குள் வசதியாக வந்துவிடுகிறதே. 25 பிளேட் எதற்கு?

துணைத்தகடு | 4 ஜூன், இரவு 10.35

போல்ட் பாஸ். பிளேட்? 20 மிமீக்கு வெல்ட் ஓரத்தில் 5000 வருகிறது, தாங்குவது 3930. பெரிய போல்ட் போட்டதால் பிளேட் ஒன்றும் கெட்டியாகவில்லை. சிங்கைக்காரன் முறையிலும் 24 போல்ட்டோடு முதல் வழி 187-ல் நிற்கும், வேண்டியது 208.

இன்னொன்று. 20 மிமீ பிளேட்டுக்கு யீல்டு 250 என்று போடாதீர்கள். 20-ஐத் தொட்டதும் 240 ஆகிவிடும். பத்தொன்பதேமுக்கால் பிளேட் யாரும் விற்பதில்லை.

கோடுபோடுறவன் | 5 ஜூன், காலை 9.05

அப்படியானால் என் துறையில் கேட்கிறேன். அந்த 50 எதற்கு? போல்ட்டை ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் தள்ளக் கூடாதா? எங்கள் டெம்ப்ளேட்டில் எப்போதும் 50 இருக்கும், யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 40 வைத்தாலும் சாக்கெட் நுழையும்.

துணைத்தகடு | 5 ஜூன், காலை 9.50

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான கேள்வி. அமெரிக்க வழிகாட்டியில் இந்த அளவு போல்ட்டுக்கு ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து குறைந்தபட்சம் விட்டத்தோடு அரை இஞ்சு. நமக்கு 33 வரும். 40 வைத்தால் தாராளம்.

lv 42-லிருந்து 32 ஆகிறது. 25 மிமீ பிளேட்டில் போல்ட் இழுப்பு 142-லிருந்து 124-க்கு இறங்கிவிட்டது. ஒரு கிலோ ஸ்டீல் கூடச் சேர்க்கவில்லை. போல்ட்டை 10 மிமீ நகர்த்தியதற்கு இவ்வளவு. 25-லிருந்து 28 பிளேட்டுக்குப் போனாலே 133 தான் கிடைத்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டார்க்ரெஞ்ச் | 5 ஜூன், மதியம் 12.30

சாக்கெட் நுழையும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். இம்பேக்ட் சாக்கெட்டின் வெளிவிட்டம் 50 பக்கம் வரும். அதில் பாதி 25. வெல்ட் 8 போனால் உங்களுக்கு 32 இருக்கிறது. சரி, நுழையும். ஃபிளாஞ்சுக்குக் கீழே இருக்கும் ஜோடிக்கு வெப் பக்கமும் இடம் வேண்டும், அதையும் பாருங்கள். கேஜ் எவ்வளவு?

கோடுபோடுறவன் | 5 ஜூன், மதியம் 12.48

போல்ட்டுக்கு போல்ட் 100. வெப் 9.4. இடம் இருக்கு அண்ணே.

துவாக்குடி ஷாப் | 5 ஜூன், இரவு 8.15

ஃபாப்ரிகேஷன் ஷாப்பில் இருக்கேன். மேலிருந்து எல்லாம் படிச்சேன். 32 மிமீ போட்டால் பிரையிங் பெரும்பாலும் போயிடும்னு கணக்கு சொல்லுது, சந்தோஷம். அந்த 32 பிளேட்டில் பீமை வெல்ட் பண்ணிப் பாருங்க. வெல்ட் பீம் பக்கம்தானே. ஆறும்போது சுருங்கி, பிளேட்டின் ரெண்டு ஓரத்தையும் பீம் பக்கமா இழுக்கும். முகம் நடுவில் புடைச்சு, ஓரத்தில் இடைவெளி விழும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சா ஒளி தெரியும். 16, 20-ல போல்ட் இறுக்கினா அது ஒட்டிக்கும். 32-ல 20 மிமீ போல்ட்டு எப்படி அதை இழுக்கும்? இறுக்குற விசையில பாதி பிளேட்டை நிமிர்த்தவே போயிடும், டார்க் ரெஞ்ச் கிளிக் அடிச்சிடும், உள்ளே ஒண்ணும் பிடிச்சிருக்காது. ஃபீலர் கேஜ் விட்டா ஓரத்தில் வழுக்கிட்டுப் போகும்.

இன்னொரு சந்தேகம். 416 கிலோ நியூட்டன் இழுக்கிற ஃபிளாஞ்சுக்கு 8 மிமீ ஃபில்லட்டா? டிராயிங்கில் அப்படியா இருக்கு?

துணைத்தகடு | 5 ஜூன், இரவு 9.30

டிராயிங்கில் அப்படித்தான் இருக்கிறது. வெல்ட் பக்கத்துக்கு நான் இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்டதும் போட்டேன். ஷாப் வெல்ட், 8 மிமீக்கு ஒரு மிமீ நீளம் 1.06 கிலோ நியூட்டன் தாங்கும். ஃபிளாஞ்சுக்கு மேலும் கீழுமாகச் சுமார் 280 மிமீ நீளம் கிடைக்கிறது. மொத்தம் 297. வேண்டியது 416. 12 மிமீ ஃபில்லட் போட்டால் 445 வருகிறது.

இங்கேதான் வேடிக்கை. வெல்ட் 12 ஆனால் lv-யும் மாறுகிறது, ஏனென்றால் அதை வெல்ட் ஓரத்திலிருந்துதான் அளக்கிறோம். பழைய 50 மிமீ இடத்திலேயே போல்ட் இருந்தாலும் lv 38. 25 பிளேட்டில் போல்ட் இழுப்பு 135, பாஸ். அதாவது வெல்ட்டைச் சரியாகப் போட்டிருந்தாலே 25 மிமீ பிளேட்டோடு போல்ட் தேறியிருக்கும். போல்ட்டையும் 40-க்குத் தள்ளினால் lv 28, இழுப்பு 116.

டார்க்ரெஞ்ச் | 5 ஜூன், இரவு 9.44

இப்போது சாக்கெட்டுக்கு 28. எனக்கு 25 வேண்டும். மூன்று மிமீ மிச்சம். துவாக்குடி அண்ணன் 12 என்று எழுதினதை 15-ஆக வெல்ட் பண்ணி அனுப்பினால் நான் எங்கே போவேன்?

துவாக்குடி ஷாப் | 5 ஜூன், இரவு 9.51

12 எழுதினா 12 வரும். 14-க்கு மேல வராது 😀

சிங்கைக்காரன் | 6 ஜூன், காலை 8.20

நாங்கள் இந்த மாதிரி இடத்தில் ஃபில்லட்டை விட்டுவிட்டு முழு பெனிட்ரேஷன் வெல்ட் கேட்போம். அப்போது lv மறுபடி கூடும், கவனம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்கிறது.

நாலு போல்ட்டுக்கும் சமமாகப் பங்கிடுகிறீர்களே, அதில் எனக்குச் சமாதானமில்லை. கீழ் ஜோடிக்கு ஒரு பக்கம் ஃபிளாஞ்ச், ஒரு பக்கம் வெப், ரெண்டு பக்கமும் பிடிப்பு. மேல் ஜோடிக்கு ஃபிளாஞ்ச் மட்டும். விறைப்பான பக்கம்தான் அதிகம் வாங்கும். நிஜத்தில் கீழ் ஜோடிக்கு 104-க்கு மேல் போகும்.

துணைத்தகடு | 6 ஜூன், காலை 10.05

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என் கவலை மேல் ஜோடி. பலவீனமான அதற்குச் சமபங்கு கொடுத்தே பார்த்துவிட்டேன். கீழ் ஜோடியில் கூடுதல் வந்தாலும் அங்கே பிளேட் வெப்போடு சேர்ந்து விறைப்பாக இருப்பதால் பிரையிங் குறைவு. மேல் நீட்டத்தில் ஒரு முக்கோண ரிப் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகும். ரிப் வைக்கலாமா என்று கேட்டால் ஆர்க்கிடெக்ட் தரை உயரத்தைக் காட்டி அழுவார், அது தனிக் கதை.

ஈரோடு_ஷெட் | 6 ஜூன், மாலை 5.30

என் அனுபவம் ஒன்று. பழைய ஷெட் ஒன்றைப் பிரித்து வேறு இடத்தில் மாட்டினோம். ராஃப்டர் சேரும் இடத்தில் 12 மிமீ பிளேட், இரண்டு பக்கமும். பிரிப்பதற்கு முன் பார்த்தால் ஃபிளாஞ்ச் மட்டத்தில் இரண்டு பிளேட்டுக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடு நுழைகிற அளவு வாய் திறந்திருந்தது. ஆனால் மேல் விளிம்பு ஒன்றோடொன்று நெரித்துக்கொண்டு நின்றது. கழற்றியதும் அந்த விளிம்பில் பெயின்ட் போய் ஒரு பளபளப்பான கோடு. போல்ட்டை உருட்டினால் நேராக உருளவில்லை, தலைப் பக்கம் லேசாக வளைந்திருந்தது. அப்போது எங்களுக்குக் காரணம் புரியவில்லை, போல்ட் மட்டும் புதிதாக வாங்கி மாட்டினோம். ஷெட் இன்னும் நிற்கிறது, அதனால் பிரையிங்கெல்லாம் பெரிசாக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

துணைத்தகடு | 6 ஜூன், இரவு 9.00

நீங்கள் பார்த்ததுதான் பிரையிங், அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. நடுவில் வாய் திறப்பு, விளிம்பில் நெரிப்பு, வளைந்த போல்ட், மூன்றும் சேர்ந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். ஷெட் நிற்கிறது என்றால் டிசைன் காற்று இன்னும் அடிக்கவில்லை என்றும் இருக்கலாம். பிளேட்டைத் தொடாமல் போல்ட் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். முடிந்தால் அந்த இடத்தில் மேல் நீட்டத்துக்கு ரிப் வைக்கப் பாருங்கள். உள்ளூரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் ஆளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

ஈரோடு_ஷெட் | 6 ஜூன், இரவு 9.25

பார்க்கலாம். ஓனர் சம்மதிக்கணும்.

கோடுபோடுறவன் | 7 ஜூன், காலை 11.10

எங்கள் டிசைனர் இப்போது புதுசாக ஒன்று சொல்கிறார். போல்ட் 40-ல், வெல்ட் 12, இந்த அமைப்பில் 20 மிமீ பிளேட்டே போதுமாம். போல்ட்டில் 133, பிளேட்டில் 3860-க்கு 3930. பாஸ்தானே?

துணைத்தகடு | 7 ஜூன், மதியம் 12.15

எண்கள் சரி. நான் கையெழுத்துப் போட மாட்டேன். 3930 என்பது பிளேட்டின் முழு பிளாஸ்டிக் பலம், அகலம் பெருக்கல் தடிமன் வர்க்கத்தை நாலால் வகுத்தது. ஐஎஸ் 800-ல் வளைவுக்கு 1.2 மடங்கு மீள்தன்மைப் பலம் என்று ஒரு மேல் வரம்பு இருக்கிறது. அதைப் பிடித்தால் 20 மிமீக்கு 3140 தான். பேஸ் பிளேட்டின் தடிமன் ஃபார்முலாவும் அந்த 1.2-லிருந்துதான் வருகிறது. அந்த வரம்போடு பார்த்தால் 25 மிமீ 4860-க்கு 4910, மயிரிழையில் தேறும்.

சிங்கைக்காரன் | 7 ஜூன், மதியம் 1.30

அந்த 1.2 பீமுக்குப் போட்ட வரம்பு. சர்வீஸ் லோடிலேயே யீல்டு ஆகிவிடக் கூடாது என்பதற்கு. டி-ஸ்டப் முறை முழுக்க பிளாஸ்டிக் கீல் விழும் என்ற எண்ணத்தில் எழுந்தது, அங்கே நாங்கள் நாலால்தான் வகுக்கிறோம். பரிசோதனையில் உடைத்துப் பார்த்து வந்த முறை. அதற்கு மேல் 1.2 போட்டு இறுக்குவது ஸ்டீல் விற்பவருக்கு லாபம்.

துணைத்தகடு | 7 ஜூன், மதியம் 2.20

உங்கள் முறையை முழுசாகப் பின்பற்றினால் நாலால் வகுக்கலாம். Q-வை ஐஎஸ் ஃபார்முலாவில் எடுத்துக்கொண்டு பிளேட் பலத்தை மட்டும் யூரோகோடில் எடுப்பது எனக்கு உறுத்துகிறது. Q சொல்லும் ஃபார்முலா பிளேட் யீல்டு ஆகாததாக நினைக்கிறது, பலமோ அது முழுக்க யீல்டு ஆனதாக நினைக்கிறது. இரண்டும் ஒரே பிளேட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

சிங்கைக்காரன் | 7 ஜூன், மதியம் 2.41

அது நியாயமான கேள்வி. அப்படியானால் ஐஎஸ்-ஐ விட்டுவிட்டு முழுக்க இங்கே வாருங்கள் :)

துணைத்தகடு | 7 ஜூன், மதியம் 2.50

கான்ட்ராக்டில் ஐஎஸ் 800 என்று எழுதியிருக்கிறார்கள். வர முடியாது.

டார்க்ரெஞ்ச் | 8 ஜூன், இரவு 10.05

எல்லோரும் எண்ட் பிளேட்டையே உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போல்ட்டின் மறு முனை எங்கே இருக்கிறது? காலம் ஃபிளாஞ்ச் என்ன தடிமன்? இந்த மாதிரி கிடங்கு காலமெல்லாம் தகட்டில் செய்தது, 12, 16 தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் 25 வைத்துவிட்டு அந்தப் பக்கம் 12 இருந்தால் அது வளையாதா?

துணைத்தகடு | 8 ஜூன், இரவு 10.40

வளையும். மேலே மாற்றுக் கட்சி என்று வந்தவர் இப்போது என் வேலையைச் செய்கிறார். காலம் ஃபிளாஞ்ச் 16 மிமீ, பீம் ஃபிளாஞ்சுகளுக்கு நேராக ஸ்டிஃப்னர் இருக்கிறது. ஸ்டிஃப்னர் இருப்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பக்கம் வெப், ஒரு பக்கம் ஸ்டிஃப்னர் என்று இரண்டு பிடிப்பு, வளைவுக் கோடு மூலையைச் சுற்றிப் போகும். அதை ஒரு பக்க வளைவாகப் போட்டு 16 மிமீ தோற்றது என்று எழுதினால் அநியாயம். ஆனால் யாரும் இன்னும் அதற்குக் கணக்கே அனுப்பவில்லை.

சிங்கைக்காரன் | 9 ஜூன், காலை 8.05

பத்தவில்லை என்றால் காலம் ஃபிளாஞ்சின் பின்புறம் நட்டுக்கு அடியில் பேக்கிங் பிளேட் வைக்கலாம். யூரோகோடில் அதற்கு இடம் உண்டு. ஆனால் பிளேட் முழுக்க வளையும் அந்த முதல் வழிக்கு மட்டும்தான் பலன் கணக்கில் வரும், போல்ட் அறும் இரண்டாம் வழிக்கு அது உதவாது.

துவாக்குடி ஷாப் | 9 ஜூன், காலை 8.50

ஸ்டிஃப்னருக்கும் வெப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்துல பேக்கிங் பிளேட்டா? ஸ்டிஃப்னர் வெல்ட் மேல ஏறி உட்காரும். மூலையை வெட்டிக் கொடுக்கணும், டிராயிங்கில் காட்டுங்க.

துணைத்தகடு | 9 ஜூன், மாலை 6.30

இன்று திருப்பி அனுப்பினேன். பிளேட் 25, போல்ட் 20 மிமீ அப்படியே, ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து 40, டென்ஷன் ஃபிளாஞ்சுக்கு 12 மிமீ ஃபில்லட். வெல்ட் செய்தபின் பிளேட் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. 24 மிமீ போல்ட் கேட்கவில்லை. காலம் ஃபிளாஞ்சுக்கு ஸ்டிஃப்னரோடு சேர்த்து வளைவுக் கோடு போட்டுக் கணக்கு கேட்டிருக்கிறேன். அது வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன், யாராவது மறுபடி போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கோடுபோடுறவன் | 9 ஜூன், மாலை 7.02

அந்தத் திருத்தம் என் மேசைக்கு வந்துவிட்டது சார். டெம்ப்ளேட்டில் 50-ஐ 40 ஆக்கப் போனால் மேனேஜர் "எல்லா ப்ராஜெக்டுக்கும் மாறிவிடும், தொடாதே" என்கிறார். இதற்கு மட்டும் கையால் மாற்றுகிறேன்.